ரயில் டிக்கெட் ரத்து: எவ்வளவு பிடிப்பார்கள், வெயிட்டிங் லிஸ்டில் நின்றால் என்ன வரும், பாதி பேருக்கு மட்டும் இடம் கிடைத்தால் என்ன செய்வது

இங்கே சொல்லியிருக்கும் நேர எல்லைகளும் தொகைகளும் 2015 நவம்பர் 12 அன்று அமலுக்கு வந்த ரீஃபண்ட் விதிகளில் உள்ளவை. உறுதியான டிக்கெட்டுக்கான 48, 12, 4 மணி நேர எல்லைகளை ரயில்வே 2026 ஏப்ரலில் 72, 24, 8 மணி நேரம் என்று மாற்றிவிட்டது, அதனால் கீழே வரும் அந்த மூன்று எல்லைகளையும் அதற்கு முந்தைய கணக்காகவே படியுங்கள். வந்தே பாரத் ஸ்லீப்பர் போன்ற புது ரயில்களுக்குத் தனியாக, இதைவிடக் கடுமையான அட்டவணை இருக்கிறது. நேர எல்லைகளை ரயில்வே இடையில் திருத்துவதும் உண்டு, அதனால் ரத்தை உறுதி செய்வதற்கு முன் திரையில் காட்டும் பிடித்தத் தொகையை ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

கன்ஃபர்ம் ஆன டிக்கெட்டை ரத்து பண்ணினா எவ்வளவு போகும்?

ரயில் கிளம்ப வேண்டிய நேரத்துக்கு 48 மணி நேரத்துக்கும் மேல் இருந்தால், கட்டணம் எவ்வளவாக இருந்தாலும் ஆளுக்கு ஒரு நிலையான தொகைதான் பிடிப்பார்கள். இரண்டாம் வகுப்பு இருக்கைக்கு 60 ரூபாய், ஸ்லீப்பருக்கு 120, மூன்றடுக்கு ஏசிக்கும் ஏசி சேர் காருக்கும் 180, இரண்டடுக்கு ஏசிக்கு 200, முதல் வகுப்பு ஏசிக்கு 240. ஏசி வகுப்பு என்றால் இதன்மேல் ஜிஎஸ்டியும் சேரும்.

48 மணி நேரத்துக்குள் வந்துவிட்டால் 12 மணி நேரம் வரை கட்டணத்தில் 25 சதவீதம் போகும். 12 மணியிலிருந்து 4 மணி நேரம் வரை பாதி போகும். அதற்கும் கீழே வந்துவிட்டால் உறுதியான டிக்கெட்டுக்கு ஒரு பைசா திரும்பாது. இந்த 25, 50 சதவீதக் கணக்கு எதுவாக இருந்தாலும் மேலே சொன்ன நிலையான தொகைக்குக் கீழே இறங்காது, அது குறைந்தபட்சம்.

மணிக்கணக்கு எல்லாமே அட்டவணையில் போட்டிருக்கும் புறப்பாட்டு நேரத்தை வைத்துத்தான். ரயில் ஒரு மணி நேரம் தாமதம் என்று செயலியில் பார்த்துவிட்டு, "அப்போ நமக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு" என்று உட்கார்ந்திருக்கக் கூடாது.

48 மணி நேரம் தாண்டிடுச்சு. நேத்தே ரத்து பண்ணியிருக்கணும், இப்போ நிறைய நஷ்டமா?

பெரும்பாலான ஸ்லீப்பர் டிக்கெட்டுகளுக்கு நஷ்டமே இல்லை, ஒரு சின்னக் கணக்குப் போட்டால் புரிந்துவிடும். கட்டணம் 400 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதில் 25 சதவீதம் 100 ரூபாய். ஆனால் ஸ்லீப்பரின் குறைந்தபட்சப் பிடித்தம் 120. ஆக மூன்று நாள் முன்பு ரத்து செய்தாலும் 120தான், முந்தின நாள் ரத்து செய்தாலும் 120தான். ஸ்லீப்பரில் கட்டணம் 480 ரூபாயைத் தாண்டும்போதுதான் 48 மணி நேர எல்லைக்கு அர்த்தமே வருகிறது. மூன்றடுக்கு ஏசிக்கு அந்த எல்லை 720 ரூபாய், அங்கே பெரும்பாலான டிக்கெட்டுகள் அதற்கு மேல்தான் இருக்கும் என்பதால் ஏசியில் போகிறவர்களுக்கு 48 மணி நேரம் உண்மையிலேயே முக்கியம்.

அதனால் குறைந்த கட்டண ஸ்லீப்பர் டிக்கெட் வைத்துக்கொண்டு போவதா வேண்டாமா என்று குழம்புகிறவர்கள் 48ஐப் பார்த்துப் பதற வேண்டாம், 12 மணி நேரத்தைப் பார்த்துப் பதறினால் போதும். அந்தக் கோட்டைத் தாண்டினால் அதே 400 ரூபாய் டிக்கெட்டில் 200 போய்விடும்.

ரயில் கிளம்ப இன்னும் ஆறு மணி நேரம் இருக்கு, ஆனா ரத்து பண்ண விடமாட்டேங்குது. சார்ட் போட்டாச்சுன்னு வருது.

ஐஆர்சிடிசியில் எடுத்த இ-டிக்கெட்டைச் சார்ட் தயாராகும் வரைதான் சாதாரணமாக ரத்து செய்ய முடியும். முன்பெல்லாம் கிளம்புவதற்கு 4 மணி நேரம் முன்பு சார்ட் போடுவார்கள், அதனால் 4 மணி நேர எல்லையும் சார்ட்டும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. 2025 ஜூலையிலிருந்து சார்ட்டை 8 மணி நேரம் முன்பே போட ஆரம்பித்தார்கள், காலை ரயில்களுக்கு முந்தின நாள் இரவே போட்டுவிடுகிறார்கள். வெயிட்டிங் லிஸ்டில் இருப்பவர்களுக்கு இது நல்லது, விடிய விடியக் காத்திருக்க வேண்டாம். உறுதியான டிக்கெட் வைத்திருப்பவர்களுக்கோ, பாதிப் பணமாவது வாங்கிக்கொண்டு சுலபமாக வெளியே வரும் நேரம் சுருங்கிவிட்டது.

சார்ட் வந்த பிறகு இருக்கும் வழி TDR தாக்கல் செய்வது. ஐஆர்சிடிசி கணக்கில் நுழைந்து My Transactions பகுதியில் File TDR என்பதைத் திறந்தால் உங்கள் டிக்கெட் வரும், காரணத்தைத் தேர்ந்தெடுத்து அனுப்ப வேண்டும். உறுதியான டிக்கெட்டுக்கு இதையும் புறப்பாட்டுக்கு 4 மணி நேரம் முன்பே செய்தாக வேண்டும். சாதாரண ரத்தில் கணக்கு அங்கேயே முடிந்து சில நாளில் பணம் வந்துவிடும். TDR அப்படியில்லை, அது ஒரு விண்ணப்பம், ரயில்வே சரிபார்த்துத்தான் பணம் தரும், இரண்டு மாதம் கூட ஆகலாம்.

இன்னொன்று, நீங்கள் ஏறும் ஊரை வைத்துச் சார்ட் போடுவதில்லை. ரயில் புறப்படும் ஊரில், அல்லது உங்களுக்கு முன்னால் இருக்கும் சார்ட் போடும் நிலையத்தில்தான் போடுவார்கள். டெல்லியிலிருந்து வரும் ரயிலில் விஜயவாடாவில் ஏறுகிறவருக்கு, அவர் ஊருக்கு ரயில் வர ஒரு நாள் இருக்கும்போதே சார்ட் முடிந்திருக்கலாம். பிஎன்ஆர் நிலையைப் பார்க்கும்போது கீழே Chart Not Prepared என்று இருக்கிறதா என்று பாருங்கள், அது இருக்கும் வரைதான் ரத்து பட்டன் உங்கள் கையில்.

வெயிட்டிங் லிஸ்ட் 9லேயே நின்னுடுச்சு. நான் ஏதாவது பண்ணணுமா, பணம் தானா வந்துடுமா?

நீங்களே ஆன்லைனில் எடுத்த இ-டிக்கெட்டாக இருந்து, அதில் இருக்கும் எல்லோருமே சார்ட்டுக்குப் பிறகும் வெயிட்டிங் லிஸ்டில் இருந்தால், ஒன்றும் செய்ய வேண்டாம். டிக்கெட் தானாகவே ரத்தாகி, ஆளுக்கு 60 ரூபாய் எழுத்தர் கட்டணம் போக மீதி எந்தக் கணக்கிலிருந்து கட்டினீர்களோ அதற்கே திரும்பும். ஏசி என்றால் 60க்கு 5 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 63. அந்த டிக்கெட்டை வைத்துக்கொண்டு ரயிலில் ஏறக் கூடாது, டிக்கெட் இல்லாமல் பயணம் செய்ததாகத்தான் கணக்கு.

கவுன்டரில் எடுத்த காகித டிக்கெட் என்றால் கதையே வேறு. அது தானாக ரத்தாகாது. ரயில் கிளம்ப வேண்டிய நேரத்துக்கு 30 நிமிடம் முன்பு வரைதான் அவகாசம், அதற்குள் நீங்களாக ரத்து செய்ய வேண்டும், தவறினால் முழுப் பணமும் போச்சு. கவுன்டர் டிக்கெட் வாங்கும் வயதானவர்கள் பலர், "இடம் கிடைக்கலைன்னா அவங்களே கொடுத்துடுவாங்க" என்று நம்பி ஒரு வாரம் கழித்து நிலையத்துக்குப் போய் வெறுங்கையோடு திரும்புகிறார்கள். வீட்டில் அப்படி யாராவது இருந்தால் இதை மட்டும் எடுத்துச் சொல்லுங்கள். முன்பதிவுப் படிவத்தில் கைபேசி எண்ணைக் கொடுத்திருந்தால் கவுன்டர் டிக்கெட்டையும் ஐஆர்சிடிசி தளத்திலேயே ஓடிபி போட்டு ரத்து செய்யலாம், அல்லது 139ஐ அழைக்கலாம். பணத்தை மட்டும் பிறகு கவுன்டரில் டிக்கெட்டைக் கொடுத்து வாங்க வேண்டும்.

ஆர்ஏசி இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. உட்கார இடம் உண்டு, பயணம் செய்யலாம், அதனால் தானாக ரத்தாகாது. வேண்டாம் என்றால் 30 நிமிடம் முன்பு வரை விட்டுவிடலாம், அதே 60 ரூபாய்தான் பிடித்தம்.

நாலு பேருக்கு ஒரே டிக்கெட். ரெண்டு பேருக்கு கன்ஃபர்ம், ஒருத்தருக்கு ஆர்ஏசி, ஒருத்தருக்கு வெயிட்டிங். சார்ட் வந்தாச்சு. பிரிஞ்சு போக விருப்பமில்லை, எல்லாரும் போகலைன்னா கன்ஃபர்ம் ஆன ரெண்டு டிக்கெட் காசும் போயிடுமா?

போகாது. அந்த விதியை மட்டும் தெரிந்து வைத்திருக்க வேண்டும், இந்தப் பக்கத்தில் வேறு எதையும் படிக்காவிட்டாலும் பரவாயில்லை, இதைப் படித்துவிடுங்கள். குடும்பமாகவோ குழுவாகவோ ஒரே பிஎன்ஆரில் எடுத்த டிக்கெட்டில் சிலருக்கு உறுதியாகி, மற்றவர்கள் ஆர்ஏசியிலோ வெயிட்டிங்கிலோ இருந்தால், உறுதியானவர்களுக்கும் சேர்த்து எழுத்தர் கட்டணம் மட்டும் பிடித்துக்கொண்டு முழுப் பணத்தையும் தர வேண்டும். நிபந்தனைகள் இரண்டு. டிக்கெட்டில் உள்ள எல்லோரையும் சேர்த்து ரத்து செய்ய வேண்டும், அதைப் புறப்பாட்டுக்கு 30 நிமிடம் முன்பே முடிக்க வேண்டும். சார்ட் வந்துவிட்டதால் இப்போது அதை TDR வழியாகச் செய்வீர்கள்.

எழும்பூரிலிருந்து மதுரைக்கு இரவு 9.40க்குக் கிளம்பும் ரயில், ஸ்லீப்பர், கணக்குக்காக ஆளுக்கு 400 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம், நாலு பேருக்கு 1,600. பிற்பகலில் பார்க்கிறீர்கள், சார்ட் வந்திருக்கிறது, நிலை நீங்கள் சொன்னதுதான். இரவு 9.10க்குள் நாலு பேரையும் தேர்ந்தெடுத்து TDR போட்டுவிட்டால் பிடித்தம் ஆளுக்கு 60 வீதம் 240 ரூபாய், திரும்ப வருவது 1,360.

இதே நாலு பேரும் தனித்தனி டிக்கெட் எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பாருங்கள். 4 மணி நேரத்துக்குள் வந்துவிட்டால் உறுதியான இரண்டு டிக்கெட்டுக்கும் எதுவும் கிடையாது. ஆர்ஏசிக்காரருக்கு 340, வெயிட்டிங்காரருக்கு 340, மொத்தம் 680. ஒரே டிக்கெட்டாக எடுத்ததால் மட்டும் இன்னொரு 680 ரூபாய் காப்பாற்றப்படுகிறது. ஏசி டிக்கெட்டில் இந்த வித்தியாசம் ஆயிரங்களில் போகும்.

இரண்டு இடத்தில்தான் ஆட்கள் தவறுகிறார்கள். ஒன்று, உறுதியான இருவரை மட்டும் தேர்ந்தெடுத்து TDR போடுவது, அப்படிப் போட்டால் அது சாதாரண உறுதி டிக்கெட்டின் ரத்தாகிவிடும், 4 மணி நேரத்துக்குள் என்றால் பூஜ்ஜியம். மற்றொன்று, வெயிட்டிங்கில் ஒருவர் இருப்பதால் டிக்கெட் தானாக ரத்தாகிவிடும் என்று காத்திருப்பது. ஒருவருக்காவது இடமோ ஆர்ஏசியோ கிடைத்துவிட்டால் டிக்கெட் உயிரோடு இருக்கிறது, தானாக எதுவும் நடக்காது. காத்திருந்து 9.10ஐ விட்டுவிட்டால் அந்த 1,360ஐக் கேட்க வழியில்லை.

TDR போடும்போது காரணப் பட்டியலில், குழுவில் சிலருக்கு மட்டும் உறுதியாகி யாருமே பயணம் செய்யவில்லை என்ற பொருளில் இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். கண்ணில் பட்ட முதல் காரணத்தை அழுத்திவிட்டால் ரயில்வே தன் பதிவோடு ஒப்பிடும்போது பொருந்தாமல் விண்ணப்பம் நிராகரிக்கப்படலாம். அனுப்பியதும் வரும் பக்கத்தை நேரத்தோடு ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

நாங்க மூணு பேர் மட்டும் போயிட்டோம். வெயிட்டிங்ல இருந்த அப்பா வரலை. அவர் காசு எப்போ வரும்?

தானாக வராது. பாதி உறுதியான டிக்கெட்டில் வெயிட்டிங்கில் இருப்பவரின் பெயர் அந்தப் பிஎன்ஆரோடு சேர்ந்தே இருக்கும். அவர் வந்தாரா வரவில்லையா என்பது ரயிலில் இருக்கும் டிக்கெட் பரிசோதகருக்குத்தான் தெரியும், அவர் எழுதிக் கொடுக்கும் சான்றுதான் உங்கள் ஆதாரம்.

அதனால் ரயிலில் பரிசோதகர் உங்கள் இருக்கைக்கு வரும்போதே, "எங்க டிக்கெட்ல நாலாவது ஆள் வரலை சார், சர்டிஃபிகேட் எழுதிக் கொடுங்க" என்று கேட்டு வாங்கிவிடுங்கள். அவர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த பெட்டிக்குப் போய்விட்டால் பிறகு பிடிப்பது கஷ்டம், இறங்கிய பிறகு வாங்கவே முடியாது. பிஎன்ஆரும், வராதவர் யார் என்பதும் அதில் சரியாக இருக்கிறதா என்று அங்கேயே படித்துப் பாருங்கள்.

அப்புறம் ரயில் நீங்கள் இறங்கும் ஊருக்கு உண்மையில் வந்து சேர்ந்த நேரத்திலிருந்து 72 மணி நேரத்துக்குள் ஆன்லைனில் TDR போட வேண்டும். கூடவே அந்தச் சான்றின் அசலைத் தபாலில் ஐஆர்சிடிசிக்கு அனுப்ப வேண்டும், கைபேசியில் எடுத்த படம் போதாது. அனுப்பும் முன் ஒரு நகல் எடுத்து, பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரமாக வையுங்கள். ஒருவருடைய 340 ரூபாய்க்கு இவ்வளவு அலைச்சலா என்று தோன்றும், நியாயம்தான். ரயில்வேயின் கணினியே வராதவரைப் பதிவு செய்து பணத்தைத் திருப்ப வேண்டும் என்பதுதான் என் கருத்து. அதுவரை சான்று வாங்காமல் இறங்கினால் பணத்தை மறந்துவிட வேண்டியதுதான்.

இன்னும் சுலபமான வழி ஒன்று உண்டு. அவர் எப்படியும் வரப்போவதில்லை என்று சார்ட்டுக்கு முன்பே தெரிந்தால், அவர் பெயரை மட்டும் டிக்கெட்டிலிருந்து ரத்து செய்துவிடுங்கள். 60 ரூபாய் போகும், சான்று வேண்டாம், தபால் வேண்டாம்.

கன்ஃபர்ம் ஆன என் டிக்கெட்டை நான் ரத்து பண்ணினா, அதே பிஎன்ஆர்ல வெயிட்டிங்ல இருக்கிற தங்கச்சிக்கு அந்த இடம் போகுமா?

போகாது. நீங்கள் விட்ட படுக்கை பொது வரிசைக்குப் போகும், அங்கே முன்னால் நிற்கும் ஆர்ஏசிக்காரருக்குக் கிடைக்கும். தங்கை ஒரு எண் முன்னால் நகரலாம், அவ்வளவுதான். இடத்தையும் இழந்து, ரத்துக் கட்டணமும் கட்டி, அவருக்கும் இடம் கிடைக்காமல் போகும் நிலை வந்துவிடும்.

தத்கல் டிக்கெட்டுக்கும் இதே கணக்குதானா?

இல்லை. உறுதியான தத்கல் டிக்கெட்டை எப்போது ரத்து செய்தாலும் பணம் கிடையாது. தத்கலில் வெயிட்டிங்கிலேயே நின்றுவிட்டால் மற்ற வெயிட்டிங் டிக்கெட் போலவே எழுத்தர் கட்டணம் போக மீதி வரும்.

வெயிட்டிங் டிக்கெட்தான், விகல்ப் டிக் பண்ணியிருந்தேன். இப்போ பணமே வரலையே?

பிஎன்ஆரைத் திரும்பப் பாருங்கள், உங்களுக்கு வேறு ரயிலில் இடம் ஒதுக்கியிருக்கலாம். விகல்ப் தேர்ந்தெடுத்தவருக்கு மாற்று ரயிலில் இடம் கிடைத்துவிட்டால், அவர் உறுதியான டிக்கெட் வைத்திருப்பவராகவே கணக்கிடப்படுவார். அதற்குப் பிறகு ரத்து செய்தால் 60 ரூபாய் கணக்கு செல்லாது, உறுதி டிக்கெட்டின் பிடித்தம்தான். ஏற்கனவே பேருந்துக்கும் டிக்கெட் போட்டு வைத்திருக்கிறீர்கள், இந்த ரயில் கிடைக்காவிட்டால் பேருந்தில் போய்விடுவீர்கள் என்றால் விகல்ப்பைத் தொடாதீர்கள். எந்த ரயிலானாலும் பரவாயில்லை, போய்ச் சேர்ந்தால் போதும் என்பவர்களுக்கு மட்டும்தான் அது பொருந்தும்.

சொன்ன கணக்கைவிடக் கம்மியா வந்திருக்கே?

பெரும்பாலும் ஐஆர்சிடிசியின் சேவைக் கட்டணம்தான் காரணம், அது எந்த நிலையிலும் திரும்பாது. ஒரு டிக்கெட்டுக்கு ஏசி அல்லாத வகுப்பில் 15 ரூபாயும் ஏசியில் 30 ரூபாயும், யுபிஐயில் கட்டியிருந்தால் முறையே 10, 20, இதன்மேல் ஜிஎஸ்டி. பயணக் காப்பீட்டுக்குக் கட்டிய சில பைசாக்களும் திரும்பாது.

ஏஜென்ட் மூலம் எடுத்த டிக்கெட் என்றால் பணம் ஏஜென்ட்டின் கணக்குக்குத்தான் திரும்பும், உங்கள் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தால் வராது. அங்கீகரிக்கப்பட்ட ஏஜென்ட் என்றால் ரத்தானதும் டிக்கெட்டில் உள்ள கைபேசி எண்ணுக்கு ரீஃபண்ட் தொகையும் ஓடிபியும் வரும், அந்த ஓடிபியை அவரிடம் கொடுத்துப் பணத்தை வாங்கிக்கொள்ள வேண்டும். எவ்வளவு திரும்புகிறது என்று அந்தச் செய்தியிலேயே இருப்பதால், அவர் குறைத்துச் சொன்னால் உடனே தெரிந்துவிடும். ஆகவே ஏஜென்ட்டிடம் டிக்கெட் எடுக்கும்போது அவருடைய எண்ணைப் போடாமல் உங்கள் எண்ணையே போடச் சொல்லுங்கள்.